ஒரு காபிக் கோப்பையும் மூன்று டன் பாட்டிலும்

வீடு மாற்றும்போது ஒரு கோணிப்பை நிறையக் கண்ணாடி சேர்ந்துவிட்டது. காலிப் பாட்டில்கள், ஊறுகாய் ஜாடி, காற்றில் படாரென்று அடித்து நொறுங்கிய ஜன்னல் கண்ணாடி, காது உடைந்த ஒரு பீங்கான் கோப்பை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தெருமுனைக் காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தராசைத் தொடவே இல்லை. பையைத் தரையில் கவிழ்த்தார். கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கி வெளியே எறிந்தார். ஜன்னல் கண்ணாடியை ஒரு ஓரமாக ஒதுக்கினார். மிச்சத்துக்கு மட்டும் காசு கொடுத்தார். காரணம் கேட்டேன். "இது கலந்திருந்தால் மொத்த லோடும் திரும்பி வந்துவிடும்" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்தக் காரணம் நம்மிடையே தெளிவில்லாமல்தான் பேசப்படுகிறது. "உடைந்தது எல்லாம் கண்ணாடிதானே, உருக்கினால் ஒன்றாகிவிடும்" என்பார்கள் சிலர். "ஜன்னல் கண்ணாடி அதிகச் சூட்டில்தான் உருகும், அதனால் சேராது" என்பார்கள் வேறு சிலர். முதலாவது தவறு. இரண்டாவதில் கொஞ்சம்தான் உண்மை. அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இரண்டும் தெளிவாகிவிடும்.

## கண்ணாடி என்பது ஒரு பாகு

கண்ணாடியின் அடிப்படை மணல். மணலிலுள்ள சிலிக்கா தனியாக உருக ஏறத்தாழ 1700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனுடன் சோடாச் சாம்பலைச் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். ஆனால் வெறும் சோடாவும் மணலும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைத் தடுக்கச் சுண்ணாம்புக்கல் சேர்க்கிறார்கள். பாட்டில், ஜாடி, ஜன்னல் கண்ணாடி எல்லாமே இந்த மூன்றையும் கொண்ட சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி வகைதான். நூறு கிலோவில் எழுபது கிலோவுக்குச் சற்று மேல் சிலிக்கா இருக்கும்.

அடுப்பில் இவை உருகியதும் கிடைப்பது தண்ணீர் போன்ற திரவம் அல்ல, பாகு. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது உடனே புரியும். பதம் கொஞ்சம் முந்தினால் மாவு ஒட்டாது, பிந்தினால் அதிரசம் கல்லாகிவிடும். வெல்லமும் தண்ணீரும் மாறவில்லை, மாறியது பதம் மட்டுமே. உருகிய கண்ணாடி எவ்வளவு எளிதாக வழிகிறது, எவ்வளவு பிடிவாதமாக இழுபடுகிறது என்பதற்குப் பாகுத்தன்மை என்று பெயர். பாட்டில் ஆலையில் சுமார் 1500 டிகிரியில் உருக்கிய பாகைச் சற்று ஆறவிட்டு, ஒவ்வொரு சொட்டாகக் கத்தரித்து அச்சுக்குள் விழவைக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கும் அந்தச் சொட்டு சில நொடிகளில் ஊதப்பட்டுப் பாட்டிலாகி வெளியே வரும். எந்தச் சூட்டில் எந்தப் பதம் என்பது ஒவ்வொரு சொட்டுக்கும் ஒன்றாக இருந்தால்தான் இயந்திரம் ஓடும்.

இந்தக் கலவையில் பழைய பாட்டில்களை உடைத்துச் சேர்ப்பதைத்தான் கண்ணாடி மறுசுழற்சி என்கிறோம். அப்படிச் சேர்க்கப்படும் துண்டுகளை இங்கே உடைசல் என்று அழைப்போம். ஏற்கெனவே ஒருமுறை உருகிய பொருள் என்பதால் உடைசல் சீக்கிரம் இளகும். கலவையில் பத்துப் பங்கில் ஒரு பங்கு உடைசலாக இருந்தாலே அடுப்பின் எரிசக்தி ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று சதவீதம் குறையும். ஆலைக்காரர்கள் உடைசலைத் தேடி வாங்குவது அதனால்தான்.

சுருக்கமாக, பாட்டில் உடைசல் பாட்டில் பாகில் கரைந்து அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. தொல்லை தருவது கரையாத பொருளும், கரைந்தாலும் பதத்தையோ நிறத்தையோ கெடுக்கும் பொருளும்.

## பீங்கான், சோற்றில் கிடக்கும் கல்

காபிக் கோப்பை களிமண்ணில் செய்து சூளையில் சுட்டது. மேலே பூசிய மெருகு கண்ணாடி போலப் பளபளப்பதால் நாம் ஏமாந்துவிடுகிறோம். உடைந்த விளிம்பைப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் சிப்பியின் உட்புறம் போல வழவழப்பாக மின்னும். பீங்கான் உடைந்தால் வெள்ளையாக, மங்கலாக, சுண்ணக்கட்டி உடைந்தது போலச் சொரசொரப்பாக இருக்கும்.

களிமண்ணில் அலுமினா அதிகம். சூளையில் சுடும்போது அதிலிருந்து முல்லைட் என்ற படிகம் உருவாகிறது. அது உருக 1800 டிகிரிக்கும் மேல் வேண்டும். 1500 டிகிரி அடுப்பில் விழுந்த கோப்பைத் துண்டு உருகுவதில்லை. சுற்றியுள்ள பாகு அதன் மேற்புறத்தை மெல்ல மெல்ல அரிக்கும், அவ்வளவுதான். ஆறிய பாலில் போட்ட கற்கண்டைப் போல. பொடித்த கற்கண்டு என்றால் கரைந்துவிடும், கட்டி அப்படியே அடியில் கிடக்கும். அடுப்புக்குள் கண்ணாடி தங்குவது ஏறத்தாழ ஒரு நாள். அந்த நேரத்துக்குள் சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டு கரைந்து முடிவதில்லை. பாகோடு மிதந்துபோய், சொட்டில் சிக்கி, பாட்டிலின் சுவருக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியாக உறைந்துவிடும். கண்ணாடி ஆலைகளில் அந்தப் புள்ளிக்கு வைத்திருக்கும் பெயரே 'கல்'. சோற்றில் கடிபடும் கல்லுக்கு நாம் சொல்லும் அதே சொல்.

பொடி கரையும், கட்டி கரையாது என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியிலேயே பார்க்கலாம். உடைசல் எப்போது குப்பை என்ற நிலையிலிருந்து மூலப்பொருளாகிறது என்று சொல்லும் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அது. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளாக வரும் உடைசலில் பீங்கான், கல் போன்றவை ஒரு டன்னுக்கு 100 கிராம் வரைதான் இருக்கலாம். ஒரு மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான பொடியாக வரும் உடைசலில் 1500 கிராம் வரை இருக்கலாம். அதே பொருளுக்குப் பதினைந்து மடங்கு சலுகை, காரணம் அளவு மட்டுமே. ஆலைகள் பல, பெரிய துண்டுகளுக்கு இந்த 100 கிராமைவிடக் கடுமையான வரம்பையே கேட்கின்றன.

இப்போது என் கோப்பைக்கு வருவோம். அதன் எடை 330 கிராம் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 100 கிராம் என்ற வரம்பில், அந்த ஒரே கோப்பை 3.3 டன் உடைசலின் முழு அனுமதியையும் தின்றுவிடும். ஒரு பாட்டில் அரைக் கிலோ என்றால் அது 6,600 பாட்டில்கள். வேறொரு விதமாகவும் கணக்குப் போடலாம். கோப்பை நொறுங்கி ஐந்து மில்லிமீட்டர்த் துண்டுகளானால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.3 கிராம் இருக்கும். அப்படியானால் 1,100 துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பாட்டிலில் போய் உட்கார முடியும். காயலான் கடைக்காரர் அதை முதலில் பொறுக்கி எறிந்ததில் வியப்பில்லை.

## அந்தப் புள்ளி ஏன் பாட்டிலை உடைக்கிறது?

வெறும் அழகுக் குறை என்றால் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. உண்மையான ஆபத்து, பாட்டில் ஆறும்போது தொடங்குகிறது.

சூடானால் விரிவதும் ஆறினால் சுருங்குவதும் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் உண்டு. எவ்வளவு என்பதுதான் பொருளுக்குப் பொருள் மாறும். இதை வெப்ப விரிவு என்கிறோம். ஒரு மீட்டர் நீளமுள்ள பாட்டில் கண்ணாடி 500 டிகிரி ஆறினால் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீளப் பீங்கான் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர்தான் சுருங்கும். மரச்சக்கரத்தின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டை சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாட்டிலுக்குள் உறைந்த கல்லைச் சுற்றியுள்ள கண்ணாடியும் அப்படித்தான் சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் கல் விட்டுக்கொடுப்பதில்லை. இரும்புப் பட்டை அந்த இழுவையைத் தாங்கும். கண்ணாடி தாங்காது. அழுத்தினால் அது மிக வலுவானது, இழுத்தால் மிக பலவீனமானது. கல்லைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடும்.

அந்த நிலையிலேயே உடைந்துவிட்டால் நல்லது. உடையாமல் தப்பி, வாயு அடைத்த சோடாவோ பீரோ நிரப்பப்பட்டால், உள்ளே எப்போதும் இருக்கும் அழுத்தம் அந்த விரிசலை நெட்டித் தள்ளும். கடை அலமாரியிலோ ஒருவர் கையிலோ பாட்டில் வெடிக்கலாம். இதனால்தான் ஆலைகளில் ஒவ்வொரு பாட்டிலும் கேமராக்களைக் கடந்துதான் வெளியே போகிறது. கல் இருப்பதை அவை பிடித்துவிட்டால் பாட்டில் உடைக்கப்பட்டு மறுபடி அடுப்புக்குப் போகிறது. கொடுமை என்னவென்றால், அந்தக் கல்லும் கூடவே அடுப்புக்குத் திரும்பிப் போகிறது.

பீங்கானைவிடத் தந்திரமானவை இரண்டு உண்டு. ஆய்வகக் குடுவைகளும் ஓவனில் வைக்கும் பாத்திரங்களும் செய்யப்படும் போரோசிலிகேட் கண்ணாடி ஒன்று. இண்டக்ஷன் அடுப்பின் மேல்தட்டு போன்றவற்றில் பயன்படும் கண்ணாடிப் பீங்கான் மற்றொன்று. சூடு பட்டால் விரியக் கூடாது என்பதற்காகவே உருவாக்கப்பட்டவை இவை. மேலே சொன்ன அதே ஒரு மீட்டர்க் கணக்கில் போரோசிலிகேட் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுருங்கும். கண்ணாடிப் பீங்கான் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. வேற்றுமை கூடக்கூட இழுவையும் கூடும். அதற்கு மேல், இவற்றில் பல ஒளி ஊடுருவும் பொருள்கள். பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடித் துண்டுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியாது.

## ஜன்னல் கண்ணாடி செய்யும் தவறு என்ன?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஜன்னல் கண்ணாடியும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியே. அது அடுப்பில் உருகும், கல்லாக நிற்காது. "அதிகச் சூட்டில்தான் உருகும்" என்பது போரோசிலிகேட்டுக்குப் பொருந்தும் பேச்சு. யாரோ அதை ஜன்னலுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

வேறுபாடு கைப்பக்குவத்தில் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியை உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு, நீண்ட தகடாக இழுத்து, நிதானமாக ஆறவைக்கிறார்கள். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த முறை அது. ஸ்ரீபெரும்புதூரிலும் அப்படிப்பட்ட ஆலை இருக்கிறது. அந்த நிதானமான வேலைக்கு ஏற்ற பதம் வருவதற்காக அதில் மக்னீசியா கூடுதலாகவும் அலுமினா குறைவாகவும் சேர்க்கப்படுகிறது. பாட்டிலுக்கோ சில நொடிகளில் இறுகும் பதம் வேண்டும். அளவு தெரிந்து, சுத்தமான ஜன்னல் உடைசலைக் கொஞ்சமாகச் சேர்த்தால் பாட்டில் ஆலை தன் கலவையைத் திருத்திக்கொள்ளும். இன்றைக்கு ஒரு கூடை, நாளைக்குப் பத்துக் கூடை என்று தெரியாமல் வந்து விழுந்தால் பதம் நேரத்துக்கு நேரம் மாறும். பாட்டிலின் சுவர் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்துவிடும்.

என் பார்வையில் அதைவிடப் பெரிய தொல்லை, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வருபவை. சட்டத்தில் பூசிய மக்கு, ஆணி, கம்பி வலை பதித்த கண்ணாடி, வெப்பத்தைத் தடுக்கப் பூசிய உலோகப் படலம், முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புற வெள்ளியும் சாயமும். காரின் முன்கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலமே இருக்கிறது. நொறுங்கினாலும் துண்டுகள் அதை விட்டுப் பிரியாது. போதாக்குறைக்கு, தட்டையான துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் அது ஜன்னலா, ஓவன் கதவா, அடுப்பின் மேல்தட்டா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகம் இருக்கும்போது மொத்தத்தையும் ஒதுக்குவதே ஆலைக்கு லாபம்.

ஆக, பீங்கான் கரையாமல் கெடுக்கிறது. போரோசிலிகேட்டும் கண்ணாடிப் பீங்கானும் ஒளிந்துவந்து கெடுக்கின்றன. ஜன்னல் கண்ணாடி பதத்தாலும், தன்னோடு கூட்டிவரும் பொருள்களாலும் கெடுக்கிறது.

## நிறம் கலந்தால் என்ன?

பாட்டில்கள் பெரும்பாலும் மூன்று நிறம்: நிறமற்றது, பச்சை, பழுப்பு. பச்சை நிறம் முக்கியமாகக் குரோமியத்தால் வருகிறது. பழுப்பு நிறம் இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாக்குவது. பழுப்பு, புறஊதா ஒளியைத் தடுக்கும். பீரும் மருந்தும் அந்த நிறப் பாட்டிலில் வருவது அதற்காக.

இந்த நிறங்கள் மேலே பூசியவை அல்ல, பாகுக்குள்ளேயே கரைந்தவை. கருப்பட்டிக் காபியிலிருந்து கருப்பட்டியைத் திரும்ப எடுக்க முடியுமா? அப்படித்தான் கண்ணாடியிலிருந்து குரோமியத்தையும் எடுக்க முடியாது.

மறைக்க மட்டும் ஒரு வழி உண்டு. ஜன்னல் கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் பச்சையாகத் தெரியும். மணலில் எப்போதும் இருக்கும் துளி இரும்பு செய்யும் வேலை அது. நிறமற்ற பாட்டிலில் இந்தப் பச்சையைப் போக்க, இளஞ்சிவப்புத் தரும் செலினியத்தையும் நீலம் தரும் கோபால்ட்டையும் மிகச் சிறிதளவு சேர்க்கிறார்கள். மஞ்சளித்த வேட்டியைச் சொட்டு நீலம் போட்டு அலசுவது போன்ற வேலை. அழுக்கு போகவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சொட்டு நீலத்துக்கும் எல்லை உண்டு. நாலைந்து பச்சைப் பாட்டில்கள் ஒரு கூடை நிறமற்ற உடைசலில் விழுந்தால் அதை மறைக்க வழியில்லை.

பழுப்பு கலந்தால் இன்னொரு சங்கடம். பழுப்புக் கண்ணாடியில் கந்தகம் ஒரு வேதிநிலையிலும், நிறமற்ற கண்ணாடியில் வேறொரு வேதிநிலையிலும் இருக்கிறது. இரண்டும் அடுப்பில் சந்தித்தால் கந்தக டை ஆக்சைடு வாயு கிளம்பும். பாகு நுரைக்கும், பாட்டிலுக்குள் குமிழிகள் நிற்கும்.

பச்சை மட்டும் பெருந்தன்மையானது. மற்ற நிறங்களை ஓரளவு தனக்குள் வாங்கிக்கொள்ளும். ஜெர்மனியில் தெருவோரங்களில் நிறமற்றது, பழுப்பு, பச்சை என்று மூன்று தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். நீலப் பாட்டிலை எங்கே போடுவது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லப்படும் விதி: பச்சையில் போடுங்கள்.

## இயந்திரம் எப்படிப் பிரிக்கிறது?

கலந்தே வந்துவிட்ட உடைசலைப் பிரிக்கும் ஆலையில் முதலில் காந்தம் இரும்பு மூடிகளை இழுத்துக்கொள்ளும். காற்று, காகிதத்தையும் இலேசான பிளாஸ்டிக்கையும் உறிஞ்சும். சல்லடைகள் துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும். பிறகு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக ஒரு சரிவில் வழுக்கிவந்து விழும். விழும் வழியில் ஒரு புறம் விளக்கு, எதிர்ப்புறம் கேமரா. அரிசியைச் சுளகில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்துக் கல் பொறுக்குவதும் இதுவும் ஒன்றே. விரலுக்குப் பதிலாக இங்கே காற்றுக் குழல்கள் வரிசையாக இருக்கின்றன.

ஒளி ஒரு துண்டை ஊடுருவாவிட்டால் அது பீங்கான் அல்லது கல் என்று இயந்திரம் முடிவு செய்கிறது. அந்தத் துண்டு குழலுக்கு நேரே வரும் நொடித்துளியில் காற்று 'புஸ்' என்று அடித்து வேறு தொட்டிக்குத் தள்ளிவிடும். ஒளி ஊடுருவினால், எந்த நிறம் எவ்வளவு வந்தது என்று கேமரா அளக்கிறது. பழுப்புக் கண்ணாடி நீல ஒளியை விழுங்கிவிடும். பச்சைக் கண்ணாடி பச்சை ஒளியை விட்டு மற்றவற்றைக் குறைக்கும். நிறமற்றது எல்லாவற்றையும் ஏறக்குறைய அப்படியே விடும். அதை வைத்து நிறம் பிரிகிறது. ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பீங்கானை இந்த முறையில் பிடிக்க முடியாது. அதற்கு எக்ஸ் கதிரால் துண்டிலுள்ள தனிமங்களை அறியும் இயந்திரம் போன்ற தனி ஏற்பாடு வேண்டும்.

இந்த இயந்திரமும் தவறும், தவறும் இடங்கள் தெரிந்தவையே. லேபிள் ஒட்டிய நல்ல கண்ணாடித் துண்டு ஒளியை மறைப்பதால் பீங்கானோடு சேர்ந்து போய்விடும். வெள்ளையாக, ஒளிபுகாமல் இருக்கும் கண்ணாடித் தட்டுக்கும் அதே கதி. மெல்லிய வெளிர்பச்சைத் துண்டு நிறமற்றது போலத் தெரியும். நிறமற்ற பாட்டிலின் தடித்த அடிப்பகுதி பச்சையாகத் தெரியும். எல்லாவற்றிலும் மோசம், சில மில்லிமீட்டருக்குக் கீழே நொறுங்கிய தூள். அத்தனை சிறிய துகளைக் கேமரா பார்த்து, காற்று குறிவைத்துத் தள்ளுவது நடைமுறையில் முடியாது. நொறுங்கிக் கலந்த நிறம் பிறகு பிரியாது. "இடத்தை அடைக்கிறது" என்று வீட்டிலேயே பாட்டில்களைச் சுத்தியால் உடைத்துப் பையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முழுப் பாட்டில் எத்தனை கலந்திருந்தாலும் கையாலேயே பிரித்துவிடலாம்.

முழுப் பாட்டிலுக்கு வேறொரு வழியும் இருக்கிறது: உருக்காமலே கழுவி மறுபடி நிரப்புவது. 2022-இல் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கின. அப்படிக் கைக்குக் கை திரும்பும் பாட்டில், காபிக் கோப்பையையும் ஜன்னல் துண்டையும் வழியில் சந்திப்பதே இல்லை.

என் வீட்டில் இப்போது கண்ணாடிக்கு ஒரு பையும் ஒரு பழைய வாளியும் இருக்கின்றன. பையில் மூடி கழற்றி அலசிய பாட்டில்களும் ஜாடிகளும் மட்டும். வாளியில் பீங்கான், டம்ளர், பல்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் துண்டு, இன்னதென்று தெரியாத எதுவும். போன வாரம் பையைக் கொண்டுபோனபோது கடைக்காரர் வழக்கம்போலத் தரையில் கவிழ்த்துப் பார்த்தார். பொறுக்கி எறிய ஒன்றும் இல்லை. நேரே தராசில் ஏற்றினார்.